பேச்சுக்குப் பேச்சு 5 நிமிடமா, கடைசியில் மொத்தமாக 11 நிமிடமா?

ஒரே மேடை, அரை நாள் நிகழ்ச்சி, ஆறு பேச்சாளர்கள். 9:30-க்குத் தொடக்கம், 1 மணிக்கு முடிவு. ஆக 210 நிமிடம். வரவேற்புக்கு 10, ஆளுக்கு 25 வீதம் பேச்சுக்கு 150, நடுவில் தேநீருக்கு 20. கூட்டினால் 180. மிச்சம் 30 நிமிடம் கையில் இருக்கிறது. இந்த முப்பதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. நிகழ்ச்சி நேரத்துக்கு முடியுமா என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் 5 நிமிடம் விடுவது. நிரல் தயாரிக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் செய்வார்கள். இன்னொன்று, ஆள் மாறுவதற்கு 2 நிமிடம் மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துவைத்து, தேநீருக்கு முன் 11, முடிவுக்கு முன் 11 என்று இரண்டு கட்டியாக வைப்பது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி வரும்:

| | பிரித்து வைத்தால் | சேர்த்து வைத்தால் |
|---|---|---|
| முதல் பேச்சு | 9:40–10:05 | 9:40–10:05 |
| இரண்டாவது | 10:10–10:35 | 10:07–10:32 |
| மூன்றாவது | 10:40–11:05 | 10:34–10:59 |
| சும்மா இருக்கும் நேரம் | 11:05–11:10 | 10:59–11:10 |
| தேநீர் | 11:10–11:30 | 11:10–11:30 |
| நான்காவது | 11:30–11:55 | 11:30–11:55 |
| ஐந்தாவது | 12:00–12:25 | 11:57–12:22 |
| ஆறாவது | 12:30–12:55 | 12:24–12:49 |
| சும்மா இருக்கும் நேரம் | 12:55–1:00 | 12:49–1:00 |

முதல் பேச்சாளர் 9 நிமிடம் இழுத்துவிட்டார் என்று வையுங்கள். 10:14-க்கு இறங்குகிறார், ஆள் மாற எப்படியும் 2 நிமிடம். பிரித்து வைத்த நிரலில் இரண்டாமவர் 6 நிமிடம் தாமதமாக ஏறுவார், மூன்றாமவர் 3 நிமிடம். சேர்த்து வைத்ததில் இருவருமே 9 நிமிடம் பிந்துவார்கள். ஆனால் இரண்டிலும் மூன்றாவது பேச்சு 11:08-க்கு முடியும், தேநீர் 11:10-க்குச் சரியாகக் கிடைக்கும். இதுவரை பிரித்து வைத்ததே ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம்.

இழுப்பவர் மூன்றாமவராக இருந்தால் கதை மாறுகிறது. முதல் இருவரும் நேரத்துக்கு முடித்தார்கள். பிரித்து வைத்த நிரலில் 10:05-க்கு மேடை காலி, அடுத்தவர் தயார், ஆனாலும் அச்சிட்ட நேரம் 10:10 என்பதால் காத்திருக்கிறோம். அந்த நிமிடங்கள் போனால் போனதுதான், சேமித்து வைக்க முடியாது. பிறகு மூன்றாமவர் 9 நிமிடம் இழுக்கும்போது அவருக்குப் பின்னால் இருப்பது 5 நிமிடம் மட்டும். 11:14 ஆகிவிடும். சேர்த்து வைத்ததில் அதே ஆள், அதே 9 நிமிடம், 11:08. பிற்பகுதியிலும் இதே கணக்கு: ஒன்றில் 1:04, இன்னொன்றில் 12:58. யார் இழுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், எவர் இழுத்தாலும் தாங்கும் நிரலே எனக்கு வேண்டும்.

ஒரே மேடை என்றால் என் ஓட்டு சேர்த்து வைப்பதற்குத்தான். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. வெளியே கொடுக்கும் நிரலில் நிமிடம் போடக்கூடாது. ‘முதல் அமர்வு 9:40–11:10, மூன்று உரைகள்’ என்றால் போதும். நிமிடக் கணக்கு மேடைப் பொறுப்பாளர் கையில் இருக்கும் தாளில் மட்டும். அந்தத் தாளிலும் 11 நிமிடத்தை ‘காலி’ என்று எழுதாதீர்கள். நான் ஒருமுறை எழுதினேன், நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்த அதை எடுத்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் ‘கேள்வி–பதில், நேரமிருந்தால்’ என்று எழுதுகிறேன். யாரும் தொடுவதில்லை. நேரம் மிஞ்சினால் உண்மையிலேயே கேள்வி கேட்க விட்டுவிடலாம்.

இரண்டாவது நிபந்தனை கடினமானது. 2 நிமிடத்தில் ஆள் மாறியே ஆகவேண்டும். கைதட்டலும் இறங்குவதும் 20 விநாடி, தொகுப்பாளரின் அறிமுகம் 50 விநாடி, ஏறி நிற்பதற்கு இன்னொரு 15. இதில் மைக் மாட்ட இடமே இல்லை. ஆகவே மைக் ஏற்பாட்டிலும் ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது.

ஒரே ஒரு காலர் மைக்கை ஆள் மாற்றி ஆள் மாட்டுவது முதல் வழி. இடுப்பிலிருந்து பெட்டியைக் கழற்றி, ஒயரை உருவி, அடுத்தவர் சட்டைக்குள் விட்டு, கிளிப் போட்டு முடிக்க மூன்று நான்கு நிமிடம் ஓடிவிடும், அதுவும் சபை பார்த்துக்கொண்டிருக்க. இப்படித்தான் செய்ய முடியும் என்றால் பிரித்து வைத்த 5 நிமிட நிரலே உங்களுக்குச் சரி. மேசையில் நிற்கும் மைக் இரண்டாவது வழி. மாட்டுகிற வேலையே இல்லை, ஆனால் பேசுபவர் திரையைப் பார்த்துத் திரும்பினால் குரல் காணாமல் போகும். நடந்து நடந்து பேசுபவருக்கு ஆகவே ஆகாது. மூன்றாவது வழி, இரண்டு காலர் மைக் பெட்டிகள். ஒருவர் மேடையில் பேசும்போதே அடுத்தவருக்கு மேடை ஓரத்தில் மாட்டி முடித்துவிடுவது. பெட்டிகளில் ஒன்றுக்குச் சிவப்பு டேப், மற்றதற்கு நீலம். மிக்சரிலும் அதே நிறத்தில் ஒட்டிவிட்டால் ஒலிப் பொறுப்பாளர் பெயரைத் தேட வேண்டாம். கைமைக் ஒன்று மேசையிலேயே மாற்றாகக் கிடக்கட்டும். எல்லாருடைய ஸ்லைடுகளும் காலையிலேயே ஒரே லேப்டாப்பில் ஏறியிருக்க வேண்டும். தன் லேப்டாப்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவரை அமர்வின் முதல் ஆளாகப் போடுங்கள்.

மைக் சோதனையில் நடக்கும் பெரிய ஏமாற்று, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்”. அதைச் சொல்லும்போது எல்லாரும் தொண்டையைத் திறந்து சொல்வார்கள். பேச ஆரம்பித்ததும் குரல் பாதியாகிவிடும். ஆகவே, “உங்கள் உரையின் முதல் நான்கு வரியை அப்படியே பேசுங்கள், திரையைத் திரும்பிப் பார்த்தபடி இரண்டு வரி பேசுங்கள்” என்று கேட்பேன். கிளிப் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், நெஞ்சின் நடுவில். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். அது மைக்கில் உரசும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். பெட்டியில் உள்ள சுவிட்சை ஆனில் வைத்து மேலே டேப் ஒட்டிவிட வேண்டும். ஒலியைத் திறப்பதும் மூடுவதும் மிக்சரில் மட்டும். ஒருமுறை ஒட்ட மறந்தேன். காத்திருந்த பேச்சாளர், தன் இருமல் சபைக்குக் கேட்டுவிடுமோ என்று நல்லெண்ணத்தில் அதை அணைத்தார், அப்படியே மேடையேறி அரை நிமிடம் வாயசைத்தார். பேட்டரியும் அப்படித்தான்: தேநீர் வேளையில் இரண்டு பெட்டிக்கும் புதியதைப் போடுங்கள், பழையதில் எவ்வளவு மிச்சம் என்று யோசிக்க வேண்டாம்.

இப்போது ஆள் வராத கதைக்கு வருவோம். ஐந்தாவது பேச்சாளர், 11:57-க்கு ஏற வேண்டியவர், வரவில்லை. “வந்துட்டே இருக்கேன்” என்று போனில் சொல்கிறார். எதுவரை காத்திருப்பது? நான் வைத்திருக்கும் கோடு இது: அமர்வின் முதல் பேச்சு தொடங்கும்போது, அதாவது 11:30-க்கு, அவர் மேடை ஓரத்தில் இல்லையென்றால் அவர் வரிசையின் கடைசிக்குப் போகிறார். ஆறாமவர் முன்னே வருகிறார். இது செல்லுபடியாக, அமர்வின் மூன்று பேரும் அமர்வு தொடங்கும்போதே அங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒற்றை எண்ணுக்குச் சிவப்பு, இரட்டை எண்ணுக்கு நீலம் என்று தாளில் எழுதிவைத்திருந்தால், நான்காமவர் நீலம் மாட்டிப் பேசிக்கொண்டிருப்பார், ஆறாமவருக்கும் நீலம் என்று இருக்கும். அவருக்குச் சிவப்பை மாட்ட, ஒலிப் பொறுப்பாளர் தாளைப் பார்த்து நீலத்தையே திறக்க, மேடையில் மௌனம். ஓரத்தில் நான்காமவர் ‘அப்பாடா’ என்பது அரங்கம் முழுக்க. எனவே நிறத்தை ஆளுக்குக் கட்டாதீர்கள். அடுத்து ஏறுபவர் யாரோ அவருக்கு, கையில் இருக்கும் பெட்டி. மாட்டியதும் ஒலிப் பொறுப்பாளரிடம் “அடுத்து சிவப்பு” என்று வாயால் சொல்லுங்கள். காலையில் இவர் குரலுக்கு நீலத்தில் அளவு வைத்திருந்தோம். சிவப்பில் அது மாறியிருக்கும். ஒலிப் பொறுப்பாளர் பி.எஃப்.எல் பொத்தானை அழுத்தி ஹெட்போனில் மட்டும் கேட்டு, மேடை ஓரத்தில் அவர் மெல்லப் பேசும் ஒரு வரியை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

ஆறாமவர் 12:22-க்கு முடிப்பார். அதற்குள் தாமதமானவர் வந்து மைக் மாட்டியிருந்தால் 12:24-க்கு ஏறட்டும், எதுவும் கெடவில்லை. வரவே இல்லையென்றால் 38 நிமிடம் கையில். என்ன செய்யலாம்?

மற்றவர்களை “இன்னும் பத்து நிமிஷம் பேசுங்க” என்று கேட்பது எல்லாவற்றிலும் மோசம். தயாரித்தது 25 நிமிடத்துக்கு; மீதி வெறும் நீர் ஊற்றல். வராதவரின் பதிவு செய்த காணொளி முன்பே கைக்கு வந்து, லேப்டாப் ஒலியை மிக்சர் வழியாகக் கேட்டுப் பார்த்திருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். மாற்றுப் பேச்சாளர் நல்ல வழிதான், ஆனால் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, தயார் செய்யச் சொல்லி, கூப்பிடாமல் அனுப்புவது அவருக்கு அவமானம். ஏற்பாட்டுக் குழுவிலேயே, எப்படியும் அன்று அங்கே இருக்கப்போகிற ஒருவர், 15 நிமிட உரையோடு இருந்தால் போதும். 25 நிமிடத்தை நிரப்ப வேண்டியதில்லை. அவரும் இல்லையா? நான்காமவரையும் ஆறாமவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சபையின் கேள்விகளுக்கு 20 நிமிடம் விடுங்கள். சிவப்பும் நீலமும் ஏற்கெனவே அவர்கள் உடம்பில்தான் இருக்கிறது, சபைக்குக் கைமைக். ஆறாமவரை 12:22-க்கு இறங்கவிடாமல் அப்படியே உட்காரச் சொல்வதுதான் இதில் முக்கியம். 12:45-க்கு முடிந்தால் முடியட்டும்.

இவ்வளவும் ஒரே மேடைக்கு. ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில் நடக்கிறது என்றால் என் ஓட்டு தலைகீழாகிவிடும். அங்கே ஒரு குறிப்பிட்ட உரைக்காக எதிர் அரங்கிலிருந்து எழுந்து வருவார்கள். அவர்களுக்கு அச்சிட்ட நிமிடம் வேண்டும், நடந்து வர 5 நிமிட இடைவெளியும் வேண்டும். ஆள் வராவிட்டால் அடுத்தவரை முன்னே இழுக்கவே கூடாது. ஒருமுறை இழுத்தேன். உரை முடிந்து அவர் மைக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, அவரைக் கேட்பதற்காகவே வந்த முப்பது நாற்பது பேர், நிரலில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாகக் கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள். இப்போதெல்லாம் அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டு, கதவில் ஒரு தாள் ஒட்டிவிடுகிறேன்: ‘இந்த உரை இல்லை. அடுத்தது 12:30-க்கு.’