ஆஸ்பெஸ்டாஸ் அட்டை, ஈயப் பெயிண்ட்: பழைய வீட்டில் விட்டுவைப்பதா, எடுப்பதா?

திருநெல்வேலியில் பேட்டை, மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பக்கம் ஐம்பது அறுபது வருஷப் பழைய வீடுகளில் இந்த அமைப்பை நிறையப் பார்க்கலாம். முன்பக்கத் தார்சாவும் நடுக்கூடமான பட்டாசலும் தட்டையான மட்டப்பா போட்டிருக்கும். பின்னால் அடுக்களைக்கும் புறவாசலுக்கும் சாம்பல் நிற சிமெண்ட் அட்டை. கதவு ஜன்னலுக்குப் பச்சை எனாமல், அதன்மேல் இன்னும் நாலைந்து கோட்டிங். மராமத்து என்று இறங்கினால் அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் நாரும், பெயிண்டில் ஈயமும் கூடவே வரும்.

இரண்டுமே அசையாமல் இருக்கும்போது பெரிய ஆபத்து இல்லை. தூளாகி மூச்சிலோ வாயிலோ போனால்தான் ஆபத்து. அதனால் எது மலிவு, எது அழகு என்பதைவிட, எந்த வழியில் தூள் குறையும் என்பதை வைத்தே ஒப்பிடுகிறேன். உதாரணத்துக்குப் பேட்டையில் என் உறவினர் வீடு: புறவாசலில் பத்தடி அட்டை பன்னிரண்டு, பட்டாசலில் நாலு ஜன்னல், வீட்டில் நாலு வயசுப் பேத்தி.

முதலில் அட்டை. ஆறு மில்லி தடிமனுள்ள அந்த அட்டையில் பத்தில் ஒரு பங்குபோல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், மீதி சிமெண்ட். நாரைச் சிமெண்ட் இறுகப் பிடித்திருப்பதால், முழுசாக இருக்கும் அட்டைக்குக் கீழே குடியிருப்பதில் ஆபத்து குறைவுதான். அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். நுரையீரலில் தங்கும் அந்த நார் நுரையீரல் தழும்பையும், நுரையீரல் புற்றையும், அதைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றையும் உண்டாக்கும். இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும். மாதக் கணக்கில் அட்டை இறக்கும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து மிக அதிகம். பீடி சிகரெட் பழக்கமும் இருந்தால் நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு பல மடங்காகும்.

விட்டுவைக்கிற வழியில் அட்டைக்குப் பெயிண்ட் அடித்து மூடுகிறோம். பாசியை வயர் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, பிரஷர் பம்பாலும் அடிக்கக் கூடாது. இரண்டுமே சிமெண்டை அரித்து நாரை வெளியே கொண்டுவரும். நன்றாக நனைத்து, ஸ்பாஞ்சால் துடைத்து, காய்ந்ததும் பிரைமரும் வெளிச்சுவர் அக்ரிலிக் பெயிண்டும் பிரஷ்ஷாலோ ரோலராலோ அடிக்க வேண்டும். வெள்ளை அடித்தால் சித்திரை வெயிலுக்கும் ஆறுதல். பெயிண்ட் உரிய ஆரம்பித்தால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும் என்பதுதான் இதன் குறை. அட்டைமேல் ஆள் ஏறவே கூடாது, பழைய அட்டை சொல்லாமல் உடையும். குறுக்கே பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும்.

மேலேயே தகர ஷீட் போட்டு மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஷீட்டைப் பிடிக்க ஒவ்வொரு அட்டையிலும் துளை போடுவார்கள், அதில்தான் தூள் வரும். பழைய மரமும் இரட்டைப் பாரம் தாங்க வேண்டும்.

முழுசாக எடுப்பதா வேண்டாமா என்பதை இரண்டு இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ஒன்று அட்டையின் ஓரம்: ஈரமாக இருக்கும்போதே பார்த்தால் பஞ்சுபோல் நார் பிரிந்து நிற்கிறதா? மழைக்குப் பின் தண்ணீர்த் தூம்பில் சாம்பல் சேறு நிறையத் தங்குகிறதா? இன்னொன்று தாங்கும் மரம். உறவினர் வீட்டில் இரண்டு அட்டையில்தான் விரிசல், அதை ஒட்டியே சமாளித்திருக்கலாம். ஆனால் குறுக்குச் சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. கூரை தானாக விழுந்தால் எல்லா அட்டையும் உலர்ந்தபடியே நொறுங்கும். அதனால் எடுப்பதென்று முடிவானது.

வேலைக்கு வந்தவர், "அண்ணாச்சி, சுத்தியலால ரெண்டு தட்டு, அரை நாள்ல எல்லாத்தையும் கீழ தள்ளிரலாம்" என்றார். அப்படித்தான் எல்லா இடத்திலும் நடக்கிறது, அதுதான் மிக மோசமான வழி. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீசும்போது செய்தால் தெருவே மூச்சில் வாங்கும். மழை ஓய்ந்த தை மாதத்தில், காற்று எழாத காலை நேரத்தில் வேலை வைத்தோம். அடுக்களைச் சாமானை வெளியே எடுத்து, தரையில் கனமான பாலிதீன் விரித்து, ஜன்னலை அடைத்து, குழந்தையை வேறு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, கைப் பம்பால் இரண்டு பக்கமும் நனைத்தோம். கொக்கி போல்ட்டைச் சுத்தியலால் அடிக்காமல், போல்ட் கட்டரால் வெட்டினார்கள். ஒரு பத்தடி அட்டை நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல், இரண்டு பேர் பிடித்து, கயிறு கட்டி இறக்க வேண்டும். முகத்தில் துண்டு கட்டுவதாலோ துணி மாஸ்க்காலோ பயனில்லை, நுண்தூளை வடிகட்டும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 மாஸ்க் வேண்டும். வேலைச் சட்டையை அங்கேயே நனைத்துத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் துவைக்கிறவர் மூச்சில் போகும்.

எடுக்கிற வழியின் பலவீனம் அதற்குப் பிறகுதான். உடைந்த துண்டை வாய்க்கால் கரையிலோ தோட்ட வழியில் மேடு நிரப்பவோ கொட்டுகிறார்கள், வண்டி ஏறி ஏறி அது தூளாகிறது. அட்டையை இரண்டு சுற்று பாலிதீனில் கட்டி, 'ஆஸ்பெஸ்டாஸ்' என்று எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அபாயக் கழிவு எடுக்கும் இடத்துக்கு அனுப்புவதே சரி. இந்த ஏற்பாட்டை முடித்த பிறகுதான் முதல் போல்ட்டில் கை வைக்க வேண்டும். முடியாதென்றால், அட்டை நன்றாக இருக்கும்வரை பெயிண்ட் அடித்து விட்டுவைப்பதே மேல்.

ஜன்னல் விஷயத்தில் முடிவு வேறு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் எல்லாமே சந்தேகத்துக்குரியது. பச்சை, மஞ்சள், சிவப்பில் ஈயக் குரோமேட் நிறமி இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம், சுவரின் கீழ்ப்பகுதியில் ஆயில் பெயிண்ட் பட்டை இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். பெயிண்ட் தூள் தரையில் விழும், குழந்தையின் கையில் ஒட்டும், அப்படியே வாய்க்குப் போகும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஈயத்துக்கு ஓர் அளவு கிடையாது. மூளை வளரும் வயதில் அது செய்யும் கெடுதல் திரும்பச் சரியாவதில்லை. கர்ப்பிணிகளும் ஒதுங்கியிருக்க வேண்டும்.

கதவின் பரப்பில் பெயிண்ட் உறுதியாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, மேலே பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்தால் போதும். ஆனால் ஜன்னல் கதவு நிலையோடு உரசும் ஓரத்தில் அது எடுபடாது. திறந்து மூடும்போதெல்லாம் புதுப் பெயிண்டும் பழையதும் சேர்ந்து அரைபடும். கீழ் விளிம்பில் பச்சைப் பொடி சேர்ந்திருந்தால் அதுதான் அடையாளம். அங்கே சுரண்டித்தான் ஆக வேண்டும்.

பெயிண்டர்கள் வழக்கமாகச் செய்வது உலர்ந்த உப்புத்தாள், அல்லது கிரைண்டர். வீடு முழுக்க ஈயத்தூள் பரப்ப இதைவிட வேகமான வழி இல்லை. புளோ லாம்ப் வைத்துச் சுடுவதும் கூடாது, ஈயம் புகையாக மூச்சில் போகும். ரிமூவர் வேலை செய்யும், ஆனால் அதன் நெடி அடைத்த அறையில் ஆகாது. நான் சொல்வது இதுதான்: கீலைக் கழற்றி ஜன்னல் கதவைப் புறவாசலுக்குக் கொண்டுபோய், பாலிதீன்மேல் வைத்து, தண்ணீர் தெளித்தபடியே சுரண்டியால் ஓரத்தை எடுத்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். மாஸ்க் இங்கேயும் வேண்டும். தேக்கு மரத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

வேலை முடிந்ததும் விளக்குமாறு தொடக் கூடாது, சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், நுண்தூள் மறுபடி பறக்கும். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து, ஜன்னல் விளிம்பிலிருந்து தரைவரை இரண்டு முறை துடைக்க வேண்டும். ஏற்கெனவே உலர்வாகச் சுரண்டிவிட்ட வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், குழந்தை நல மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். ஆரம்பத்தில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கலாம்.