22ஆம் கிழமையில் மார்புப் புற்றுநோய்: இப்போதே கீமோவா, பிரசவத்துக்குப் பிறகா?

22 கிழமைக் கர்ப்பிணியின் மார்பில் 3 சென்ரிமீற்றர் கட்டி, அக்குளிலும் ஒரு நெறி. தெல்லிப்பழை புற்றுநோய்ப் பிரிவுக்கு வருபவர் இப்படி இருந்தால், முதலில் மார்பு அல்ட்ராசவுண்ட், பிறகு ஊசியால் தசைத்துண்டு எடுத்துப் பரிசோதனை. நோய் பரவியதா என்று பார்க்க, வயிற்றை மறைத்து நெஞ்சு எக்ஸ்ரே, ஈரலுக்கு அல்ட்ராசவுண்ட். தேவைப்பட்டால் காடோலினியம் என்ற படத்தைத் தெளிவாக்கும் மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐ. வயிற்று சி.ரி.யையும் பெற் ஸ்கானையும் இயன்றவரை தவிர்ப்பார்கள்.

காத்திருந்தால் 37ஆம் கிழமை வரை 15 கிழமை நோய்க்கு அவகாசம். அதைக் குறைக்க முன்கூட்டியே பிரசவம் பார்த்தால், குறைமாதத்தின் மூச்சுச் சிக்கல்கள் பிள்ளைக்கு வரும்.

இப்போதே தொடங்கினால் டொக்ஸோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட் என்ற கீமோ மருந்துகள் இரண்டையும் 21 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். உறுப்புகள் உருவாகும் முதல் 12 கிழமை தாண்டிவிட்டதால் இது இயலும். 22, 25, 28, 31ஆம் கிழமைகளில் நான்கு சுற்று முடியும். பிள்ளையின் வளர்ச்சியை இடையிடையே அல்ட்ராசவுண்டில் பார்க்கவேண்டும். கடைசி மருந்துக்கும் பிரசவத்துக்கும் இடையே குறைந்தது 3 கிழமை விடவேண்டும். இல்லாவிட்டால் வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் பிரசவம் நடந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் கிருமித்தொற்று வரலாம்.

இந்தத் தாய்க்கு இப்போதே தொடங்குவதுதான் எங்கள் தெரிவு. 34ஆம் கிழமையில் கண்டுபிடித்திருந்தால் காத்திருப்பது சரி. ட்ராஸ்டுசுமாப், தமொக்சிபென் என்ற மற்றப் புற்றுநோய் மருந்துகள், கதிர்ச்சிகிச்சை மூன்றும் எந்த வழியிலும் பிரசவத்துக்குப் பிறகுதான். ட்ராஸ்டுசுமாப் பனிக்குட நீரை வற்றச்செய்யும்.