எத்தனை பங்கு வாங்குவது? நம் குழுவின் புதிய விதி குறித்து

நண்பர்களே, இன்று நம் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இதுவரை நாம் செய்துவந்தது: பங்கைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி, விலை இறங்கினால் மாதக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பது. மற்றொன்று, வாங்கும் முன்பே, எந்த விலைக்கு இறங்கினால் விற்று வெளியேறுவது என்ற ஸ்டாப் லாஸ் விலையைக் குறித்து, அந்த விலையிலிருந்தே வாங்கும் எண்ணிக்கையைக் கணக்கிடுவது. நான் என் சொந்தக் கணக்கில் பதினான்கு மாதங்களாக இரண்டாவது வழியில்தான் செல்கிறேன். ஆகவே என்னை நடுநிலையாளனாக எண்ணாமல் கேளுங்கள்.

பழைய வழியிலும் நன்மை உண்டு. நல்ல நிறுவனத்தின் பங்கு தற்காலிகமாகச் சரியும்போது அவசரப்பட்டு விற்காமல் இருக்க அது இடம் தருகிறது. இருபது ஆண்டுகளுக்கென்று வைத்திருக்கும் பங்குகளுக்கும், மாதந்தோறும் குறியீட்டு ஃபண்டில் போடும் பணத்துக்கும் புதிய விதி பொருந்தாது. சில மாதங்களில் விற்கும் எண்ணத்துடன் நாம் வாங்குபவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

நம் அனைவருக்கும் நினைவிருக்கும் அந்தச் சிறு நிறுவனப் பங்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவரின் மொத்த மூலதனம் 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 310 ரூபாயில் 320 பங்குகள் வாங்கினோம், 99,200 ரூபாய். 270-க்கு இறங்கியபோது, அடுத்த காலாண்டு முடிவு வரட்டும் என்றோம். 230-க்கு வந்தபோது, சராசரியைக் குறைக்கலாம் என்று மேலும் 220 பங்குகள் வாங்கினோம். கடைசியில் 140-இல் விற்றோம். நஷ்டம் 74,200 ரூபாய், அதாவது மூலதனத்தில் கிட்டத்தட்ட 15 சதவீதம். நம்மில் யாரும் முட்டாள்தனமாகப் பேசவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்ன காரணம் அந்தந்த நாளில் நியாயமாகவே இருந்தது. ஆனால் பணம் உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு சொல்லப்பட்ட காரணங்கள் அவை.

அதே பங்கைப் புதிய விதிப்படி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விதி இதுதான்: ஒரு பங்கில் தவறினால் நஷ்டம் மூலதனத்தில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 5 லட்சத்துக்கு அது 5,000 ரூபாய். வரைபடத்தில் அதற்கு முந்தைய தாழ்வு 270-ஐ ஒட்டி இருந்தது. அதை உடைத்துக் கீழே போனால் நாம் வாங்கிய காரணமே பொய்யாகிவிடுகிறது. ஆகவே ஸ்டாப் 270. வாங்கிய விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 40 ரூபாய். 5,000-ஐ 40-ஆல் வகுத்தால் 125 பங்குகள். முதலீடு 38,750 ரூபாய். 270-இல் கட்டளை பாய்ந்து 266-இல் விற்றிருந்தாலும் நஷ்டம் 5,500 ரூபாயோடு முடிந்திருக்கும்.

இதைக் கேட்டதும் பலரும், ஸ்டாப் லாஸ்தான் நம்மைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைப்பீர்கள். நான் அதில் மாறுபடுகிறேன். எங்கே வெளியேறுவது என்பதை ஸ்டாப் சொல்கிறது. எவ்வளவு வலிக்கும் என்பதைத் தீர்மானிப்பது எண்ணிக்கை. ஆளுக்கு ஒரு லட்சம் என்று வாங்கும்போது, 8 சதவீதம் தள்ளி ஸ்டாப் வைத்த பெரிய நிறுவனப் பங்கில் 8,000 ரூபாய் போகும். 20 சதவீதம் தள்ளி வைத்த சிறு நிறுவனப் பங்கில் 20,000 ரூபாய் போகும். அதிகம் ஆடும் பங்கில் அதிகம் இழக்க வேண்டும் என்று நாம் முடிவெடுக்கவில்லை. சமத் தொகை அந்த முடிவை நமக்காக எடுத்துவிட்டது. புதிய கணக்கில் 500 ரூபாய்ப் பங்குக்கு ஸ்டாப் 460 என்றால் 125 பங்குகள், 62,500 ரூபாய். 120 ரூபாய்ப் பங்குக்கு ஸ்டாப் 96 என்றால் 208 பங்குகள், 25,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. இரண்டிலும் தவறின் விலை ஏறத்தாழ 5,000 ரூபாய்தான்.

எல்லாப் பங்குக்கும் ஒரே 8 சதவீத ஸ்டாப் வைத்தால் எளிதல்லவா என்று சிலர் கேட்டீர்கள். எளிதுதான். ஆனால் சிறு நிறுவனப் பங்கு ஒரே வாரத்தில் காரணமில்லாமல் 8 சதவீதம் ஆடும். ஸ்டாப் பங்குக்குப் பங்கு மாறட்டும். நஷ்டத் தொகை மாறாமல் இருக்கட்டும்.

எண்ணிக்கையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், ஸ்டாப் பொய்த்துப்போகும் நாட்கள் உண்டு என்பதுதான். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி முந்தைய நாள் முடிவிலிருந்து சுமார் 9 சதவீதம் கீழேதான் திறந்தது. சரிவு 10 சதவீதத்தைத் தொட்டதும் வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. நாள் முடிவில் சரிவு 13 சதவீதம். அத்தகைய நாளில் 460-இல் வைத்த ஸ்டாப் 460-இல் விற்காது. பங்கு 430-இல் திறந்தால் 125 பங்குகளுக்கு 8,750 ரூபாய் போகும். வலிக்கும், ஆனால் மூலதனத்தில் 2 சதவீதத்துக்குள்தான். அன்று ஆறு பங்குகள் கையில் இருந்தால் ஆறும் சேர்ந்தே விழும் என்பதால், ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் வேண்டாம் என்பதையும் விதியில் சேர்த்திருக்கிறேன்.

கட்டளை போடும் முறையிலும் ஒரு குழி இருக்கிறது. சாதாரண ஸ்டாப் கட்டளை அன்று மாலையோடு காலாவதியாகிவிடும், அதனால் குறித்த விலை வரும்வரை நாள் கடந்தும் காத்திருக்கும் ஜி.டி.டி. கட்டளை வைக்கிறோம். அது தூண்டப்பட்டதும் பெரும்பாலும், குறித்த விலைக்குக் கீழே விற்காத லிமிட் கட்டளையாகத்தான் சந்தைக்குப் போகும். தூண்டல் 460, லிமிட் 458 என்று வைத்துவிட்டு, பங்கு 430-இல் திறந்தால், உங்கள் விற்பனை 458-இல் ஆளில்லாமல் நிற்கும். லிமிட்டை நன்கு கீழே, 425 போல வையுங்கள். அப்படி வைத்ததால் 425-க்குத்தான் விற்கும் என்று பொருளல்ல; அந்த நேரத்தில் சந்தையில் கிடைக்கும் மேலான விலைக்கே விற்கும். அதற்கும் கீழே திறந்துவிட்டால் 9.15-க்குப் பிறகு கையால் விற்க வேண்டியதுதான். விற்கும் பங்கை நம் டீமேட்டிலிருந்து எடுக்கத் தரகரை அனுமதிக்கும் டி.டி.பி.ஐ. ஒப்புதலைக் கொடுக்காதவர்கள் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டீமேட்டில் இருக்கும் பங்கை விற்க அனுமதி இல்லை என்று கட்டளை நிராகரிக்கப்படலாம். ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாதபடி வரம்பு வைக்கப்பட்ட பங்குகளில் கீழ் வரம்பு தொட்டால் வாங்க ஆளே இருக்கமாட்டார்கள். அவற்றில் கணக்கில் வரும் எண்ணிக்கையில் பாதிதான் வாங்க வேண்டும்.

இந்த வழியின் குறையையும் மறைக்க விரும்பவில்லை. ஸ்டாப்பில் விற்ற மறுவாரமே பழைய விலையைத் தாண்டி ஏறிய பங்குகள் என் கணக்கிலும் உண்டு, அது எரிச்சலூட்டும். நான் இதைக் கடைப்பிடித்த பதினான்கு மாதங்களில் நீண்ட சரிவுச் சந்தை ஒன்றும் வரவில்லை. ஓராண்டு முழுக்க இறங்கும் சந்தையில் சிறு நஷ்டங்கள் எப்படிச் சேரும் என்பதை என் அனுபவம் சொல்லாது. கணக்கு மட்டும் சொல்லும். தொடர்ந்து பத்து முறை 1 சதவீதம் இழந்தால் மூலதனம் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். மீள 11 சதவீத லாபம் போதும். பத்து முறை 5 சதவீதம் இழந்தால் 40 சதவீதம் போய்விடும். மீள 67 சதவீதம் வேண்டும்.

விதியில் தளர்த்த முடியாத ஒன்றே ஒன்று: வாங்கிய பிறகு ஸ்டாப்பை மேலே நகர்த்தலாம், கீழே நகர்த்தக் கூடாது. கூட்டம் ஒருமனதாகச் சொன்னாலும் கூடாது. பணம் அவரவர் டீமேட் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் குழுவின் பெயரில் பரிந்துரைக்கும் பங்குக்கு ஸ்டாப் விலை எழுதப்படாவிட்டால், அதை விவாதத்துக்கே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது நம்மிடம் இருக்கும் நான்கு பங்குகளுக்கும் இன்றைய விலையிலிருந்து ஸ்டாப்பைக் குறித்து, எண்ணிக்கை கூடுதலாக இருப்பவற்றில் எவ்வளவு விற்க வேண்டும் என்று தாளில் எழுதிவந்திருக்கிறேன். முதல் பங்கிலிருந்து தொடங்கலாம்.