பிறந்தநாள் பார்ட்டிக்கு ரேட்: மொத்தமா, மணிக்கணக்கா, தலைக்கணக்கா?

காட்பாடியில் 1,800 சதுர அடியில் ஒரு சின்ன பிளே ஏரியாவை நானும் என் மனைவியும் நடத்துகிறோம். பந்துக்குளம், இரண்டு சறுக்கு, ஒரு டிராம்போலின், ஓரமாகச் சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். தனித்தனியாக வரும் குழந்தைக்கு மணிக்கு 200 ரூபாய். மூன்று வருடமாக பிறந்தநாள் பார்ட்டிக்கும் இடம் கொடுக்கிறோம். அதற்கு எப்படி ரேட் போடுவது என்பதில் மூன்று முறைகளையும் செய்து பார்த்துவிட்டு, இப்போது குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்த தலைக்கணக்கில் நிற்கிறோம். நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். இதே தொழிலைத் தொடங்க நினைப்பவருக்கு உதவும், பார்ட்டி வைக்கப்போகிற பெற்றோருக்கும் உதவும்.

முதலில் மொத்த ரேட். "30 பேர், 3 மணி நேரம், சாப்பாட்டோடு 20,000" என்று ஒரே தொகை. போனில் கேட்பவருக்கு ஒரு எண் சொன்னால் போதும் என்பதால் விற்பது சுலபம். ஆனால் அந்த 30 பேர் யார் என்று இரண்டு பக்கமும் வேறு வேறாக நினைத்துக்கொண்டிருப்போம். நாங்கள் 30 பேர் என்றால் பெரியவர்களையும் சேர்த்துச் சொல்வோம். அவர்கள் 30 குழந்தைகள் என்று எடுத்துக்கொள்வார்கள், கூட வரும் அம்மா, அப்பா, பாட்டியெல்லாம் கணக்கிலேயே வரமாட்டார்கள். எட்டு மாதத்தில் இதை விட்டுவிட்டோம்.

அடுத்தது மணிக்கணக்கு. இடத்துக்கு மட்டும் வாடகை, சாப்பாடு அவர்கள் பாடு. இதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பல குடும்பங்களுக்கு வழக்கமாக பிரியாணி போடும் மாஸ்டர் ஒருவர் இருப்பார், அவர் கை சீரகச் சம்பா பிரியாணியைத் தவிர வேறு எதுவும் அவர்கள் விருந்தாளிக்குப் போடமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இன்றும் மணிக்கணக்கில்தான் கொடுக்கிறோம். சிக்கல் நேரத்தில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். 5 மணிக்குத் தொடங்கும் பார்ட்டியில் 6 மணிக்கு முன்னால் கேக் வெட்டமாட்டார்கள். 6 ஆனதும் ஆரணியிலிருந்து மாமா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், அவர் வந்ததும் வெட்டலாம் என்பார்கள். 6.45க்குக் கேக், அதற்கு மேல் போட்டோ, சாப்பாடு 7.15க்கு. 7.30க்கு நேரம் முடிந்தது என்று யாரால் போய்ச் சொல்ல முடியும்? பாதிப் பேர் கையில் தட்டோடு இருக்கும்போது கூடுதல் ஒரு மணி நேரத்துக்குக் காசு கேட்டால், அந்தக் குடும்பம் அடுத்த வருடம் நம் பக்கம் வராது.

அதனால் இப்போது எந்த ரேட்டாக இருந்தாலும் ஞாயிறு நேரத்தை 5.30 முதல் 8 என்று வைத்துவிட்டோம். ராகு காலம் முடிகிற அரை மணி நேரம் பிள்ளைகள் விளையாடுவதில் போய்விடும், 6 மணிக்கு மேல் கேக், 7 மணிக்குச் சாப்பாடு. இந்த ஒரு மாற்றத்திலேயே நேரத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நின்றுபோனது.

இனி தலைக்கணக்கு. குழந்தைக்கு 600 ரூபாய், அதில் இரண்டரை மணி நேர விளையாட்டும், நூடுல்ஸ், பிரெஞ்சு பிரைஸ், ஜூஸ் உள்ள ஒரு பாக்ஸும் அடங்கும். பெரியவர்களுக்கு பிரியாணிச் சாப்பாடு மட்டும், தட்டுக்கு 200. இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் கணக்கில் இல்லை. ஞாயிறு மாலைக்குக் குறைந்தது 25 குழந்தைகள் என்று பேசிக்கொள்கிறோம். வருவது 25க்குக் கீழே போனாலும் 25க்குத்தான் பில். கூடினால் கூடியதற்கு ஏற்ப, ஆனால் 40க்கு மேல் உள்ளே விடுவதில்லை, அதற்கு மேல் போனால் டிராம்போலினில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

இந்த 25 என்கிற குறைந்தபட்சம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதைச் சேர்க்காமல் வெறும் தலைக்கணக்கு போட்ட முதல் வருடம் எங்களுக்கு அடி விழுந்தது. கூப்பிட்ட குழந்தைகள் ஏன் வரமாட்டார்கள் என்று அப்போது புரியவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. திங்கட்கிழமை பள்ளியில் பரீட்சை இருந்தால் வகுப்புப் பிள்ளைகளில் பாதி வராது. வளர்பிறை முகூர்த்த ஞாயிறாக இருந்தால் சொந்தக்காரர்கள் கல்யாண வரவேற்புக்குப் போய்விடுவார்கள். ஆனால் பெரியவர்கள் எண்ணிக்கை மட்டும் குறையாது, சில சமயம் ஏறும். ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா, அப்பா, அத்தை என்று மூன்று பேர் வருவார்கள்.

சென்ற ஆவணியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சத்துவாச்சாரியிலிருந்து ஒரு குடும்பம். புக் செய்யும்போது 30 குழந்தைகள், 40 பெரியவர்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை இரவு கடைசி எண்ணிக்கை கேட்டோம், 25 குழந்தைகள், 40 பெரியவர்கள் என்று உறுதி செய்தார்கள். ஞாயிறன்று வந்தது 17 குழந்தைகள், 46 பெரியவர்கள்.

எங்கள் பில் 25 குழந்தைகளுக்கு 15,000, 46 தட்டுக்கு 9,200, ஆக 24,200. செலவு என்று பார்த்தால் 25 பாக்ஸுக்கு 3,000, ஒரு தட்டு எங்களுக்கு 150 ஆகிறது என்பதால் 46 தட்டுக்கு 6,900, கூடுதலாக வைத்த மூன்று பேருக்குச் சம்பளம் 1,500, ஏசி கரன்ட், பந்து கழுவுவது எல்லாம் சேர்த்து 1,200. மொத்தம் 12,600. மிச்சம் 11,600. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டரை மணி நேரமும் கதவை மற்றவர்களுக்கு மூடிவைத்திருக்கிறோம். ஞாயிறு மாலையில் மணிக்கு சராசரியாக 20 குழந்தைகள் எங்களிடம் வரும், அதாவது மணிக்கு 4,000, இரண்டரை மணிக்கு 10,000. பார்ட்டி எடுத்ததால் உண்மையில் கூடக் கிடைத்தது 1,600 ரூபாய்தான்.

குறைந்தபட்சம் இல்லாமல் வந்த தலைக்கு மட்டும் வாங்கியிருந்தால் 10,200ம் 9,200ம் சேர்த்து 19,400. பாக்ஸ் 25ம் செய்தாகிவிட்டது, ஆள் வந்தாகிவிட்டது, செலவு அதே 12,600. மிச்சம் 6,800. சும்மா கதவைத் திறந்து வைத்திருந்தால் வந்திருக்கும் பணத்தை விட 3,200 குறைவு. இதே பார்ட்டியை மணிக்கு 5,000 என்று வாடகைக்கு விட்டிருந்தால் 12,500 வாங்கி, ஆளுக்கும் மற்றதற்கும் 2,700 போக 9,800. ஏறக்குறைய சமம். அதனால் மணிக்கணக்கு நஷ்டம் என்று சொல்லமாட்டேன். லாபமும் இல்லை, பந்துக்குளத்திலிருந்து பிரியாணி அரிசியைப் பொறுக்குகிற வேலை மட்டும் மிச்சம்.

பெற்றோர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்துத் தகப்பனார் பில்லைப் பார்த்ததும் கேட்டார்: "வராத பிள்ளைக்கு நான் ஏன் காசு தரணும் ணா?" நியாயமான கேள்விதான். வெள்ளிக்கிழமை இரவு கணக்கை மூடுவதற்குக் காரணம் சமையல். பிரியாணி தட்டுக் கணக்கில் வேகாது, அரிசிக் கிலோ கணக்கில்தான் வேகும். எங்கள் மாஸ்டர் ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வைப்பார். 40 பேர் என்றால் ஐந்து கிலோ, ஒரு கிலோ சேர்த்து ஆறு. மாஸ்டருக்குச் சனிக்கிழமையே எண்ணிக்கை போகணும், கறி ஞாயிறு விடியற்காலையில் வாங்கிவிடுவார். அதற்கு மேல் எண்ணிக்கையைக் குறைத்தால் அரிசியும் கறியும் குறையாது. அன்றைக்கு ஆறு பேர் கூட வந்தும் சமாளித்தது அந்த ஒரு கிலோவால்தான். இதை அவரிடம் விளக்கி, வராத எட்டுப் பிள்ளைகளின் பாக்ஸையும் பையில் போட்டுக் கொடுத்தோம். காசு கொடுத்தவருக்குப் பொருளாவது வீட்டுக்குப் போகணும். இப்போது இதைப் புக் செய்யும்போதே சொல்லிவிடுகிறோம், அதன் பிறகு பில் நேரத்தில் முகம் சுளித்தவர் ஒருவர் கூட இல்லை.

எண்ணுவது யார் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். குழந்தைகளுக்கு வாசலிலேயே காகிதப் பட்டை கையில் கட்டுகிறோம், தீர்ந்த பட்டைதான் கணக்கு. பெரியவர்களுக்குத் தட்டுக் கணக்கு, கல்யாண மண்டபத்தில் இலை எண்ணுவது போலத்தான். தட்டை எடுத்துவைக்கும் இடத்தில் எங்கள் பையனோடு அவர்கள் வீட்டு ஆள் ஒருவரும் நிற்கணும், பெரும்பாலும் பிள்ளையின் தாய்மாமன் நிற்பார். 7.45க்கு இரண்டு பேரும் ஒரு தாளில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நாங்கள் மட்டும் எண்ணியிருந்த காலத்தில் ஐந்து தட்டுக்கும் ஆறு தட்டுக்கும் கூடச் சண்டை வந்திருக்கிறது.

எல்லாத் தலைக்கும் ஒரே ரேட் என்று வைக்கும் இடங்களும் உண்டு. அதில் எண்ணுவது சுலபம், ஆனால் விளையாடாத பாட்டிக்கு 450 கேட்டால் யாருக்கும் மனசு வராது. குழந்தைக்கு விளையாட்டும் சாப்பாடும், பெரியவருக்குச் சாப்பாடு மட்டும் என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அலங்காரத்தை இதில் சேர்க்கவே இல்லை, பலூனுக்கு வீட்டுக்கு வீடு ஆசை மாறும், தனியாகப் பேசிக்கொள்வது நல்லது.

வார நாள் ரேட்டைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன், இதுவரை பத்துப் பன்னிரண்டு பார்ட்டிதான் செய்திருக்கிறோம். புதன், வியாழனில் மணிக்கு ஆறு குழந்தைகள் வந்தாலே அதிகம், கதவை மூடுவதால் இழப்பது இரண்டரை மணிக்கு 3,000 மட்டும். அதனால் குழந்தைக்கு 450, குறைந்தது 15 பேர் என்று வைத்திருக்கிறோம். கோடை விடுமுறையில் நம் ஊர் வெயிலுக்குப் பயந்து ஏசி தேடி மதியத்திலேயே கூட்டம் வந்துவிடும், அப்போது வார நாளும் ஞாயிறு மாதிரிதான் என்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூனில் பள்ளி திறக்கும்வரை இந்த 450ஐ நிறுத்திவைக்கிறோம்.

முன்பணம் 5,000. நாலு நாளுக்கு முன்பே சொன்னால் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கப்புறம் ரத்து செய்தால் திருப்பித் தருவதில்லை. சத்துவாச்சாரிக் குடும்பம் இந்த வருடத்துக்கும் புக் செய்துவிட்டது. தேதியைச் சொல்வதற்கு முன்னால் அந்தத் தகப்பனார் காலண்டரில் முகூர்த்தம் பார்த்தார், நான் அவருடைய பையனின் பள்ளியில் பரீட்சை என்றைக்கு என்று கேட்டேன்.