லிங்க்ட்இன் ப்ரொஃபைல் ஸ்ட்ரெங்த் மீட்டர்: எது அதை ஏத்தும், எந்த சஜஷனை கண்டுக்காம விடலாம்

லிங்க்ட்இன் பல வருஷமா யூஸ் பண்றேன். வேலை தேடி ப்ரொஃபைல் போட்டும் இருக்கேன், டீமுக்கு ஆள் எடுக்குறப்ப மத்தவங்க ப்ரொஃபைலை உக்காந்து படிச்சும் இருக்கேன். ரெண்டு பக்கமும் பாத்ததால சொல்றேன், அந்த ஸ்ட்ரெங்த் மீட்டரை நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. அது உங்க ப்ரொஃபைல் நல்லா இருக்கான்னு சொல்லாது. எந்தெந்த கட்டம் நிரம்பிருக்கு, எது காலியா கிடக்குன்னு மட்டும்தான் சொல்லும். அதோட அது உங்க கண்ணுக்கு மட்டும் தெரியுறது, ரெக்ரூட்டருக்கோ உங்க மேனேஜருக்கோ நீங்க எந்த லெவல்ல இருக்கீங்கன்னு தெரியவே தெரியாது.

பிகினர், இன்டர்மீடியட், ஆல்ஸ்டார்னு லெவல் இருக்கு. லிங்க்ட்இன் கணக்குல எடுத்துக்கிறது ஏழே ஏழு விஷயம்: போட்டோ, வேலை அனுபவம், குறைஞ்சது 5 ஸ்கில், About பகுதி, இண்டஸ்ட்ரியும் லொக்கேஷனும் (ரெண்டும் சேந்து ஒண்ணு), படிப்பு, அப்புறம் 50 கனெக்ஷன். இதுல நாலு நிரம்பினா இன்டர்மீடியட், ஏழும் நிரம்பினா ஆல்ஸ்டார், அவ்ளோதான். ஸ்க்ரீன்ல Suggested for you-ன்னு வர்ற மத்ததெல்லாம் இந்த ஏழுக்கு வெளிய இருக்குறது.

என் டீம்ல ஒரு ஜூனியர் பொண்ணு, சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கா, ஆட்டோமேஷன் பக்கம் போகணும்னு ஆசை. "அக்கா, நானும் என்னென்னமோ சேத்து பாத்துட்டேன், இன்டர்மீடியட்லயே நிக்குது, சர்டிபிகேட் நாலு போட்டேன், வாலன்டியர் வொர்க் போட்டேன், தெரிஞ்ச மொழி எல்லாம் போட்டேன், அசையவே மாட்டேங்குது"ன்னு வந்தா. திறந்து பாத்தா போட்டோ இருக்கு, வேலை இருக்கு, படிப்பு இருக்கு, இண்டஸ்ட்ரி லொக்கேஷன் இருக்கு, ஆக நாலு. ஸ்கில் மூணுதான் போட்டிருக்கா, About காலி, கனெக்ஷன் 38. அவ சேத்த சர்டிபிகேட்டும் மொழியும் வீண் இல்ல, படிக்கிறவங்களுக்கு அது உதவும், ஆனா மீட்டர் அதை எண்ணவே எண்ணாது. அதனால உங்களுக்கும் மீட்டர் நின்னுபோச்சுன்னா புதுசா எதையும் சேக்காதீங்க, முதல்ல இந்த ஏழை ஒவ்வொண்ணா டிக் பண்ணிப் பாருங்க, முக்கால்வாசி நேரம் மாட்டிக்கிட்டு இருக்கிறது ஸ்கில் எண்ணிக்கையாவோ கனெக்ஷன் எண்ணிக்கையாவோதான் இருக்கும்.

எடிட் பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வேலை சேக்குற, மாத்துற ஃபார்ம்லயே Notify network-ன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. இப்ப வேலைல இருந்துக்கிட்டே ப்ரொஃபைலை சரி பண்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், வேலை பகுதியில பண்ற மாத்தம் ஆபீஸ்ல இருக்கவங்க ஃபீட்ல போய் நின்னு தேவையில்லாத கேள்விய கிளப்பிடலாம்.

ஸ்கில்லுக்கு வருவோம். அஞ்சு போட்டா மீட்டருக்கு போதும், அந்த அஞ்சு என்னன்னு அதுக்கு கவலையே இல்ல. "டீம் வொர்க்", "கம்யூனிகேஷன்", "ஹார்ட் வொர்க்"னு போட்டாலும் ஏறிடும். ஆனா ரெக்ரூட்டர் தேடுற முறையே வேற, அவங்க வேலை டைட்டில், ஸ்கில், ஊர், கம்பெனி, படிச்ச இடம்னு ஃபில்டர் போட்டுத்தான் தேடுறாங்க, அதுல "ஹார்ட் வொர்க்"னு யாரும் டைப் பண்ண மாட்டாங்க. அந்த பொண்ணு போட்டிருந்த மூணும் இந்த மாதிரி பொதுவானதுதான். போக ஆசைப்படுற வேலைக்கு வந்திருக்குற விளம்பரம் ஒரு பத்தை எடுத்து படிச்சுட்டு, திரும்பத் திரும்ப வர்ற வார்த்தையில அவளுக்கு உண்மையிலயே தெரிஞ்சதை மட்டும் எடுக்கச் சொன்னேன். செலினியம், ஏபிஐ டெஸ்டிங், எஸ்க்யூஎல், ரிக்ரஷன் டெஸ்டிங், ஜிரான்னு வந்துச்சு. அதை லிஸ்ட்ல போட்டதோட நிக்காம எந்த வேலைல அதை யூஸ் பண்ணாளோ அந்த வேலையோடயும் இணைச்சோம், அப்படி பண்ணா படிக்கிறவங்களுக்கு இது எங்க கத்துக்கிட்டதுன்னு தெரியும். லொக்கேஷன்லயும் இதே கதைதான், வெறும் நாடு மட்டும் போட்டு விட்டிருந்தீங்கன்னா நகரத்தையும் சேத்துடுங்க, ஊர் போட்டு தேடுறவங்க கண்ணுல படணும்ல.

About-க்கு 2,600 எழுத்து வரைக்கும் இடம் தர்றாங்க. மீட்டருக்கு ஏதாவது இருந்தா சரி. நான் பாத்த வரைக்கும் முழு இடத்தையும் நிரப்புறதுல பிரயோஜனம் இல்ல, ப்ரொஃபைலை திறந்ததும் முதல் மூணு நாலு வரிதான் தெரியும், மிச்சத்தை பாக்க தனியா அமுக்கணும். ஆள் எடுக்குறப்ப நானே அதை அமுக்கினது கம்மிதான். அதனால என்ன வேலை பண்றீங்க, எதை வச்சு பண்றீங்க, அடுத்து எது தேடுறீங்க, இந்த மூணும் அந்த முதல் வரிகளுக்குள்ள வந்துடணும்.

கடைசியா ஏறுறது எப்பவுமே கனெக்ஷன்தான், ஏன்னா அது மட்டும்தான் உங்க கையில இல்ல, எதிர்ல இருக்கவங்க அக்செப்ட் பண்ணணும். அனுப்பி வச்ச இன்விடேஷன் கணக்குல வராது. இங்கதான் ஆப் உங்க போன் கான்டாக்ட் எல்லாத்தையும் ஏத்துங்கன்னு கேக்கும், வேகமா 50 வந்துடும்னு தோணும். இந்த ஒரு சஜஷனை தாராளமா தள்ளி விடுங்க, தள்ளித்தான் விடணும்னே சொல்வேன். உங்க போன்ல டாக்டர் நம்பர் இருக்கும், வீட்டு ஓனர் நம்பர் இருக்கும், பேச்சுவார்த்தையே இல்லாத பழைய ஆள் நம்பர் இருக்கும், அது எல்லாம் ஒரு வேலைக்கான சைட்டுக்கு போக அவசியம் இல்ல, அவங்க யாரும் உங்ககிட்ட சம்மதமும் சொல்லல. ஏற்கனவே ஏத்தியிருந்தா My Network பக்கத்துல கனெக்ஷன் லிஸ்ட்டுக்குள்ள போனா சிங்க் ஆன கான்டாக்டை பாத்து நீக்குற வழி இருக்கு.

அதுக்கு பதிலா அவ பண்ணது, கூட படிச்சவங்க, பழைய டீம்ல இருந்தவங்க, ட்ரெய்னிங்ல பழகினவங்கன்னு பேரா தேடி தினம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பினா. தெரியாதவங்களுக்கு கண்ணை மூடிக்கிட்டு அனுப்பாதீங்க, நிறைய பேர் இவரை எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா உங்க அக்கவுண்ட்ல இன்விடேஷன் அனுப்புறதையே கட்டுப்படுத்திடுவாங்க. அனுப்பினதை திரும்ப எடுத்தீங்கன்னா அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூணு வாரம் வரைக்கும் முடியாது, அதனால பதட்டத்துல எடுக்காம விட்டு வைங்க.

இன்னொரு சஜஷன், வேலைல இல்லாதவங்களுக்கு ரொம்ப உறுத்துறது, இப்போதைய வேலையை சேருங்கன்னு வர்றது. சில பேர் அதுக்காகவே முடிஞ்சு போன வேலையோட கடைசி தேதியை எடுத்துட்டு இன்னும் அங்கயே இருக்குற மாதிரி விட்டுடுறாங்க. வேணாம். பின்னாடி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல ரெஸ்யூம்ல ஒரு தேதி, ப்ரொஃபைல்ல ஒரு தேதின்னு நிக்கும், அப்ப பதில் சொல்றது கஷ்டம். இடைவெளி இருந்தா அதை அப்படியே காட்டுறதுக்கு கரியர் ப்ரேக்னு 2022ல இருந்து தனி வசதியே இருக்கு, அதுல போடுங்க.

Open to work-ம் அடிக்கடி வரும். இது மீட்டரை தொடாது. எல்லாருக்கும் காட்டுன்னு வச்சா போட்டோவை சுத்தி பச்சை வளையம் வரும், ரெக்ரூட்டருக்கு மட்டும்னு வச்சா வளையம் வராது. வேலைல இருக்கவங்க ரெண்டாவதை எடுத்தாலும் முழு ரகசியம்னு நம்பிடாதீங்க, உங்க சொந்த கம்பெனியோட ரெக்ரூட்டருக்கு தெரியாம இருக்க முயற்சி பண்ணுவோம், ஆனா உறுதி கொடுக்க முடியாதுன்னு லிங்க்ட்இன்னே சொல்லுது. பிறந்த நாள், போன் நம்பர் சேக்குறது, காசு கட்டுற ப்ரீமியம் எடுக்குறது, போஸ்ட் போடுங்கன்னு சொல்றது, எதுவும் ஆல்ஸ்டாருக்கு தேவை இல்ல. அடையாள வெரிஃபிகேஷனும் அந்த ஏழுல கிடையாது, அது ப்ரொஃபைல் உண்மையான ஆளோடதுன்னு காட்ட உதவும்தான், ஆனா அடையாள ஆவணம் கொடுக்கணுமா வேணாமான்னு நீங்க நிதானமா முடிவு பண்ணிக்கலாம், மீட்டருக்காக அவசரப்பட வேண்டாம்.

மீட்டர் சொல்லாம விடுற ஒரு இடம் இருக்கு, எனக்கு இதுதான் பெரிய வருத்தம். ஹெட்லைன், அதாவது பேருக்கு கீழ வர்ற அந்த ஒரு வரி. வேலையை சேத்ததும் டைட்டிலும் கம்பெனி பேரும் வச்சு தானாவே ஒண்ணு வந்து உக்காந்துடும், காலியா இல்லாததால அதைப் பத்தி யாரும் யோசிக்கிறதே இல்ல. ஆனா தேடல்ல, கமென்ட்ல, இன்விடேஷன்ல எல்லா இடத்துலயும் உங்க பேரோட போறது அந்த வரிதான், 220 எழுத்து வரை எழுதலாம். அவளோடது "அசோசியேட்"னு கம்பெனி கொடுத்த பதவியும் கம்பெனி பேருமா மட்டும் இருந்துச்சு, அதைப் பாத்து அவ டெஸ்டரா, அக்கவுண்ட்ஸா, ஹெச்ஆரான்னு யாருக்கு தெரியும். டெஸ்டர், செலினியம், ஏபிஐ டெஸ்டிங்னு எல்லாம் வர்ற மாதிரி மாத்தினோம். மீட்டர் ஒரு துளி கூட நகரல.

அவளுக்கு 50 தாண்டினதும் ஆல்ஸ்டார் வந்துச்சு. அதுக்கப்புறமும் சஜஷன் நிக்கல, அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். அப்ப நான் பாக்கச் சொன்னது ப்ரொஃபைல்லயே அனலிட்டிக்ஸ்ல இருக்குற Search appearances. எத்தனை தேடல்ல நீங்க வந்தீங்க, தேடுனவங்க எந்த கம்பெனி, எந்த வேலைல இருக்கவங்க, எந்த டைட்டிலுக்கு உங்களை கண்டுபிடிச்சாங்கன்னு அங்க காட்டும். எண்ணிக்கையை விட அந்த டைட்டில்தான் முக்கியம். ஆட்டோமேஷன் வேலை தேடுறவங்களுக்கு அங்க வேற எதோ வந்துச்சுன்னா ஹெட்லைனும் ஸ்கில்லும் இன்னும் பழைய வேலையையே சொல்லுதுன்னு அர்த்தம், அங்க போய் மாத்தணும். அவளோடதுல மொதல்ல அசோசியேட்னு வந்துக்கிட்டு இருந்துச்சு, மாத்தி சில வாரம் கழிச்சு பாக்குறப்ப டெஸ்ட் இன்ஜினியர்னு வர ஆரம்பிச்சிருந்துச்சு.