பிரேம் தட்டில் வைத்த சீட்டுகள்: சில வருட அனுபவம்

திருநெல்வேலியில் எங்கள் குடும்பம் நடத்தும் கண்ணாடிக் கடையில், பிரேம் தட்டுகளில் விலைக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று வரி எழுதிய சின்னச் சீட்டுகளையும் வைக்கிறோம். ஒரு பிரேமைப் போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடியும் போட்டு, கடைசியில் "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்புகிறவர்களுக்காகவே எழுதியவை அவை. சில வருடங்களில் பல சீட்டுகள் மாறிவிட்டன. தட்டில் இன்றும் நிற்பவை எவை, ஏன் நிற்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எடுத்தது முகவடிவப் படம். வட்ட முகத்துக்குச் சதுர பிரேம், சதுர முகத்துக்கு வட்ட பிரேம் என்று எல்லாக் கடைகளிலும் தொங்குமே, அதுதான். தன் முகம் வட்டமா, நீள்வட்டமா என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. பிரேம் பற்றி ஒரு சந்தேகத்தோடு வந்தவருக்கு அந்தப் படம் முகத்தைப் பற்றியும் ஒன்று கொடுத்து அனுப்புகிறது. "உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கும்" என்ற வரியும் அப்படியே போயிற்று. அச்சடித்த சீட்டு தன் முகத்தைப் பார்த்ததில்லை என்பது வாங்குகிறவருக்குத் தெரியாதா?

நின்ற சீட்டு, வாங்குகிறவரே தன் முகத்தில் சரிபார்க்கக்கூடியதைக் கேட்கிறது. இப்போது இருப்பது இப்படி:

"போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பாருங்கள். உங்கள் கருவிழி லென்ஸின் நடுவிலோ, அங்கிருந்து சற்றே மூக்குப் பக்கமோ இருக்கிறதா? நன்றாகச் சிரித்தால் பிரேம் கன்னத்தில் இடித்து மேலே எழும்பாமல் இருக்கிறதா? தலையைக் குனிந்தால் மூக்கிலேயே நிற்கிறதா? மூன்றும் ஆம் என்றால் அளவு உங்களுக்குச் சரி. இனி நிறமும் வடிவமும் உங்கள் விருப்பம்."

இந்தச் சீட்டின் பலம் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. தயங்குகிறவர் மனதில் 'எனக்குப் பொருந்துமா', 'எனக்கு நல்லா இருக்கா' என்ற இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். முதல் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டால், இரண்டாவதை அவர் தைரியமாகத் தீர்மானிக்கிறார். சிரித்துப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கடையில் எல்லோரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். கன்னம் உயர்ந்தால் பிரேமின் அடிப்பகுதி அதில் உட்காரும் என்பது வீட்டுக்குப் போய்ச் சிரிக்கும்போதுதான் தெரியவரும். குனியும் சோதனை நம் ஊர் வெயிலுக்கு ரொம்பத் தேவை. மூக்குத் தண்டு தாழ்ந்தவர்களுக்கு பிளாஸ்டிக்கால் ஆன ஷெல் பிரேமின் ஒட்டிய மூக்குப் பகுதி வியர்வையில் வழுக்கும். நோஸ் பேட் உள்ள மெட்டல் பிரேமில் பேடை நெருக்கியோ விரித்தோ வைத்துவிடலாம்.

இரண்டாவது சீட்டு பவர் அதிகம் உள்ளவர்களுக்கு. மைனஸ் நான்கு, ஐந்து பவர் உள்ளவர் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புது பிரேமைப் போட்டால், அதில் இருப்பது பவர் இல்லாத வெறும் டம்மி லென்ஸ். நிலைக்கண்ணாடியில் அவருக்கு முகம் மங்கலாகத்தான் தெரியும். தன் முகமே தெரியாமல் ஒருவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்? இதைத் தயக்கம் என்று நினைத்து மேலும் பத்து பிரேமை எடுத்துப் போடும் கடைகள் இருக்கின்றன. எங்கள் சீட்டு இப்படிச் சொல்கிறது: "பிரேமைப் போட்டு எங்களிடம் போனைக் கொடுங்கள். நாலைந்து அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் எடுத்துத் தருகிறோம். உங்கள் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்." தள்ளி நிற்பதை வேண்டுமென்றே எழுதினோம். கைக்கெட்டும் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் முகத்தின் ஓரங்கள் ஒடுங்கியும் விழும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பிரேமைக்கூட வேண்டாம் என்பார்கள்.

மூன்றாவது சீட்டில் கொஞ்சம் கணக்கு வரும். பிரேமின் சைடு உட்புறத்தில் 52 □ 18 140 போல எண்கள் இருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது இரண்டு லென்ஸுக்கும் நடுவே மூக்கு மேல் வரும் இடைவெளி, கடைசி சைடின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். "உங்களுக்குப் பழகிய பழைய கண்ணாடியில் இந்த எண்களைப் பாருங்கள். புதியதிலும் அதற்கு ஓரிரண்டு மில்லிமீட்டர் பக்கத்தில் இருந்தால் அளவுக்குப் பயப்பட வேண்டாம்" என்பதுதான் வாசகம்.

ஒரு டீச்சர் வந்தார். இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5. கருவிழிகளுக்கு நடுவே உள்ள தூரம், அதாவது பி.டி., 60 மில்லிமீட்டர். அவர் கையில் எடுத்தது 55 □ 17. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் மனசு ஒப்பவில்லை. பழைய கண்ணாடியில் 49 □ 18 என்று இருந்தது. புதியதில் 55உம் 17உம் சேர்த்தால் 72. அவருடைய 60 போக மிச்சம் 12. ஒவ்வொரு கண்ணுக்கும் லென்ஸின் மையத்தை 6 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் தள்ள வேண்டும். மைனஸ் லென்ஸ் ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். ஒளிவிலகல் எண் 1.56 உள்ள லென்ஸில் வெளி ஓரம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரும். அதே பவரை 48 □ 18 பிரேமில் போட்டால் 3 மில்லிமீட்டர்தான் தள்ள வேண்டும், ஓரமும் 5 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். "டீச்சர், இதுல கண்ணு லென்ஸுக்கு நடுவுல வருது பாருங்க" என்று அப்பா காட்டினார். "அதான் அதுல ஏதோ இடிச்சுது" என்றார். சின்னதையே எடுத்தார். இன்னும் மெல்லிசாக வேண்டுமென்றால் 1.67 லென்ஸ் போடலாம், ஆனால் விலை ஏறும். பிரேமின் அளவைக் குறைப்பதற்குச் செலவே இல்லை.

இந்த மூன்றாவது சீட்டை எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த பிரேம்கள் சிலவற்றில் அச்சிட்ட எண் நிஜ அளவோடு ஒத்துப்போவதில்லை. தட்டில் வைக்கும் முன் பி.டி. ஸ்கேல் வைத்து அளந்துவிடுவோம், மாறியிருந்தால் சீட்டில் எங்கள் அளவையே எழுதுவோம். எண்ணை நம்பச் சொல்லிவிட்டு எண்ணே தப்பாக இருந்தால் மற்ற இரண்டு சீட்டையும் யாரும் நம்பமாட்டார்கள். "பிறகு சரிசெய்து தருகிறோம்" என்ற வரியையும் எல்லாத் தட்டிலும் போடுவதில்லை. ஷெல் பிரேமைச் சூடாக்கி வளைக்கலாம், டி.ஆர்.90 என்ற நைலான் வகை பிரேம் அவ்வளவு எளிதில் வளைந்து நிற்காது. அந்தத் தட்டில் "இப்போதே காதுக்குப் பின்னால் அழுத்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று மட்டும் இருக்கிறது.

தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் புரோக்ரெசிவ் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இந்தச் சீட்டுகள் போதாது. அவர்களுக்குக் கருவிழியிலிருந்து லென்ஸின் அடி விளிம்பு வரை உள்ள உயரம் முக்கியம், லென்ஸுக்குத் தக்கபடி 14 முதல் 18 மில்லிமீட்டராவது கிடைக்க வேண்டும். பிரேம் நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதை அவர்களே நிலைக்கண்ணாடியில் பார்த்து அளக்க முடியாது. அதனால் உயரம் குறைந்த பிரேம்களைத் தனித் தட்டில் வைத்து, "புரோக்ரெசிவ் என்றால் முதலில் எங்களை அளக்கச் சொல்லுங்கள்" என்று ஒரே வரி எழுதியிருக்கிறோம்.