தினம் ஒரே தொகுப்பு மெயில்: ஒரு வருஷம் தாண்டிய அனுபவம்

காரைக்குடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆபீஸில் இருக்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டலாக மாறிய பெரிய வீடுகள், தேவகோட்டையில் ஒரு அரிசி ஆலை, டவுனுக்குள் சில கடைகள் என்று பல இடத்து சர்வர்களை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறோம். போன வருஷம் எங்கள் டீம் லீட் அக்கா, தனித்தனியாக வந்துகொண்டிருந்த எச்சரிக்கை மெயில்களை எல்லாம் நிறுத்திவிட்டு, காலை 7 மணிக்கு ஒரே தொகுப்பு என்று மாற்றினார். அன்று குரூப்பில் அவர் போட்டது:

“ஒவ்வொரு செக்கும் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுது. ஒரு இடத்துல நாள் முழுக்க நெட் இல்லைன்னா, அந்த ஒரு செக்கே 288 மெயில் அனுப்பும். எல்லாரும் ஃபில்டர் போட்டு ஓரமா தள்ளிட்டீங்கன்னு தெரியும், நானும் அதான் பண்ணிருக்கேன். இனிமே ஒரே கேள்வி: ராத்திரியே எந்திரிச்சுப் பார்க்க வேண்டிய விஷயமா? ஆமான்னா போன் அடிக்கும். இல்லைன்னா காலைத் தொகுப்புல வரும்.”

மெயில் குறையும் என்பதுதான் லாபம் என்று அப்போது நினைத்தோம். குறைந்தது, சரி. ஆனால் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருந்தது. தொகுப்பில் ஒவ்வொரு வரியிலும் இன்றைய அளவுக்குப் பக்கத்திலேயே நேற்றைய அளவும் போன வார அளவும் இருக்கும்.

கானாடுகாத்தான் ஹோட்டல் ஒன்றின் சர்வரையே எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிங், பில் எல்லாம் அதில்தான். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றில் இருப்பது அப்படியே மற்றொன்றிலும் இருக்கும் `RAID 1` அமைப்பு. அதில் ஒரு டிஸ்க்கின் `Current_Pending_Sector` எண் 0-விலிருந்து 8 ஆனது. படிக்க முடியாமல் தடுமாறும் பகுதிகளின் எண்ணிக்கை அது. உள்ளே 4096 பைட் துண்டுகளாக எழுதினாலும் கணக்கை 512 பைட்டில் சொல்லும் டிஸ்க் என்பதால், ஒரு துண்டு கெட்டாலே 8 என்று காட்டும். வெறும் 8 என்றால் பதற வேண்டாம். அந்த இடத்தில் மறுபடி எழுதும்போது சரியாகிவிடுவதும் உண்டு. பழைய முறையில் இது “டிஸ்க் எச்சரிக்கை” என்று தினமும் ஒரே தலைப்பில் வந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு, யாரும் திறக்காமலே கிடந்திருக்கும். தொகுப்பில் 8, அப்புறம் 16, அப்புறம் 24 என்று ஒரே வரியில் ஏறுவது கண்ணில் பட்டது. அந்த ஏற்றம்தான் சேதி. ஹோட்டலில் கூட்டமில்லாத நாளாகப் பார்த்து டிஸ்க்கை மாற்றினோம். வீட்டுக்கார ஆச்சிக்கு, “தம்பி வந்துட்டுப் போனாரு” என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

அக்கா முதல் நாளிலேயே செய்த இன்னொரு ஏற்பாட்டின் அருமை பிறகுதான் புரிந்தது. வந்த தகவலை மட்டும் கோத்து அனுப்பினால், செத்துப்போன மெஷின் தொகுப்பில் இடமே பெறாது. எல்லாம் சுத்தமாகத் தெரியும். அதனால் எல்லா மெஷின்களின் பட்டியலையும் தனியாக வைத்து ஒப்பிட்டு, தகவல் தராததை “வரவில்லை” என்று மேலேயே சிவப்பில் போடச் சொன்னார். அரிசி ஆலையில் யாரோ ஃபேன் மாட்டுவதற்காக பேக்கப் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியது அப்படித்தான் தெரிந்தது. தொகுப்பே வராமல் போகலாம் இல்லையா? அதற்கும் வழி இருக்கிறது: குறை எதுவும் இல்லாத நாளிலும் மெயில் வந்தாக வேண்டும். 7:15-க்குள் வரவில்லையென்றால் ஆபீஸ் திறக்கிறவர் அக்காவுக்கு போன் செய்ய வேண்டும்.

குறைகளும் உண்டு. காலை 8 மணிக்கு ஒரு பேக்கப் தோற்றால் மறுநாள் 7 மணிக்குத்தான் தெரியும். ஹோட்டலுக்கு அது பரவாயில்லை. நாள் முழுக்க பில் போடும் கடைக்குத் தாங்காது. அவர்களுடையதை மட்டும் போன் பட்டியலுக்கு மாற்றினோம். ஆனால் அந்தப் பட்டியலை வளரவிடக் கூடாது. “இதையும் சேருங்க, அதையும் சேருங்க” என்று ஆளாளுக்குக் கேட்டால் பழைய மெயில் கூத்தே போனில் ஆரம்பித்துவிடும்.

சில மாதத்தில் தொகுப்பு நீண்டுகொண்டே போனது. பச்சை வரிகளைத் தாண்டித் தாண்டிப் போய் சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. இப்போது நேற்றிலிருந்து மாறியவை மட்டும் மேலே, மற்றவை “சரி: 41” என்று ஒரே வரியில். தீராமல் கிடக்கும் சிக்கலுக்குப் பக்கத்தில் எத்தனை நாளாக என்பதும் யார் பொறுப்பு என்பதும் வரும். பெயர் வந்த பிறகு வேலை நகரும் வேகமே தனி.

ஞாயிற்றுக்கிழமைத் தொகுப்பை யார் படிப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. முகூர்த்த நாளாக அமைந்துவிட்டால் பாதிப் பேர் கல்யாண வீட்டில். இப்போதைக்கு முறை வைத்துப் பார்க்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் முறை மாற்றிக்கொள்ளும் பேரம் குரூப்பில் ஓடும்.